எப்போது வரும் காய்ச்சல்?

வெம்பக்கோட்டைப் பக்கம் எந்தத் தாயிடமும் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். ஊசியின் பெயரைச் சொல்ல மாட்டார். ‘நாற்பத்தஞ்சாம் நாள் ஊசி போட்டாச்சு, மூன்றரை மாச ஊசி பாக்கி’ என்று நாள் கணக்கில்தான் சொல்வார். அந்தக் கணக்கு சரியானது. அட்டவணையில் இருக்கும் 6 வாரம், 10 வாரம், 14 வாரம் என்பவைதாம் ஊர்ப் பேச்சில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்கள் ஆகின்றன. ஊசிக்கு நாள் இருப்பதுபோல அதன் பின்விளைவுக்கும் நாள் உண்டு. இன்று அந்த நாளைத் தாயிடம் சொல்லும் கலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஊசி போட்டு முடித்ததும் செவிலியர் நான்கு செய்திகள் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தின் நடைமுறை. என்ன ஊசி போட்டோம், அது எந்த நோயைத் தடுக்கும் என்பது முதல் செய்தி. என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அடுத்து எப்போது வர வேண்டும் என்பது மூன்றாவது. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து மறுமுறை கொண்டு வாருங்கள் என்பது நான்காவது. நல்ல ஏற்பாடு. ஆனால் புதன்கிழமைக் கூட்டத்தில் அந்த இரண்டாவது செய்தி, ‘காய்ச்சல் வந்தா மருந்து குடுங்க’ என்று ஒரே வரியில் சுருங்கிவிடுகிறது. தாய்க்குத் தேவையான சொல் ‘எப்போது’ என்பது. ஏனென்றால் மூன்று ஊசிகள் மூன்று விதமான நேரத்தில் வேலை காட்டுகின்றன.

முதலாவது, பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, ஊசியை மறந்துவிட்ட நேரத்தில், அங்கே ஒரு சிறு பரு எழும்பும். பிறகு அது உடைந்து புண்ணாகும், சீழ் கசியும். பிறந்து மூன்று மாதத்துக்குள் தழும்பாக ஆறிவிடும். களிம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும். அந்தப் புண், ஊசி வேலை செய்கிறது என்பதன் அடையாளம். தழும்பே விழாத குழந்தைக்கும் மறுபடி போட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒன்றரை மாதத்தில் இடது தொடையில் போடும் பென்டா. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை-பி, மூளைக்காய்ச்சல், நிமோனியா தரும் ஹிப் கிருமி ஆகியவற்றுக்கு எதிரான ஐந்து மருந்துகள் ஒரே ஊசியில் இருக்கின்றன. 2011 டிசம்பரில் இந்தியாவில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இது முதலில் தொடங்கியது. இதிலுள்ள கக்குவான் பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியால் ஆனது. உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பதால்தான் காய்ச்சல் வருகிறது. அது பெரும்பாலும் அன்று மாலையோ இரவோ தொடங்கி ஓரிரு நாளில் தணியும். தொடை சிவந்து, வீங்கி, கல்போல இருக்கலாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை வைக்கலாம். தேய்க்கவோ சூடான ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லி சேர்ந்தால்தான் ஏறத்தாழ 120 மில்லிகிராம். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு அடர்த்தியானது. மூத்த பிள்ளைக்கு வாங்கிய சிரப்பின் அளவையே நினைத்துக்கொண்டு, பச்சிளங்குழந்தைக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் அளவு பல மடங்கு கூடிவிடும். எந்தப் பாட்டில், எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று, குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் எம்.ஆர். என்ற தட்டம்மை-ரூபெல்லா ஊசி. இதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. அது உடலில் பெருக நாளாகும். அதனால் ஊசி போட்ட இரவு குழந்தை நன்றாகத் தூங்கும். ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு மேலில் லேசான சிவப்புத் தடிப்பு தெரியும். அப்போது அம்மாச்சி ‘மணல்வாரி போட்டிருச்சு’ என்று வேப்பிலை கட்டுவார். அவர் பயத்தில் தவறில்லை. அவர் மணல்வாரியில் பிள்ளைகள் போனதைக் கண்டிருக்கலாம். ஆனால் இது ஊசியின் விளைவு, ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், ‘நர்சம்மா சொன்னபடியே வந்திருக்கு’ என்று அவரே மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வார்.

அதனால்தான் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குத் தாய் போகும் ஊர்களில் இந்தச் செய்தி தாயோடு நின்றுவிடக் கூடாது. விடியலில் வேன் ஏறும் தாய்க்குப் புதன்கிழமை ஊசி என்றால் ஒருநாள் கூலி போகிறது. மறுநாள் காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருப்பது அம்மாச்சியோ அப்பத்தாவோதான். அவரும் கூட வந்து கேட்க வேண்டும்.

இப்போது ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். ஒன்றரை மாத ஊசியில் இரவெல்லாம் அழுகை. இரண்டரை மாதத்தில் மூக்கொழுகல், ‘சளி போகட்டும்’ என்று தள்ளினார்கள். அப்புறம் ஊர்த்திருவிழா. பதினைந்தாம் வாரம் வருகிறார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டாம். விட்ட இடத்திலிருந்து இரண்டாவது பென்டாவை அன்றே போடலாம். மூன்றாவதை நான்கு வாரம் கழித்துப் போட்டால் போதும். மூன்றரை மாதத்துக்கு உரிய நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும் அன்றே போடலாம். ஆனாலும் இடைப்பட்ட ஐந்து வாரம், கக்குவான் இருமல் கைக்குழந்தையை மிகக் கொடுமையாகத் தாக்கும் பருவத்தில், பாதுகாப்பு அரைகுறையாக இருந்தது. அந்த வாரங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

அப்படியானால் எதற்குத் தள்ளிப் போடலாம்? மூக்கொழுகல், லேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, குறைமாதப் பிறப்பு, குழந்தை ஆன்டிபயாடிக் குடிப்பது ஆகிய எதுவும் காரணமாகாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் என்றால், தேறும்வரை காத்திருக்கலாம். ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு எம்.ஆர். ஊசியைச் சில மாதம் தள்ளுவார்கள். ஏற்றிய ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் அந்தக் கிருமியை வளர விடாது என்பதுதான் காரணம். எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு உயிருள்ள கிருமி ஊசிகள் கூடாது. முன்பு போட்ட ஊசியில் மூச்சுத்திணறலோ வலிப்போ வந்திருந்தால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வதும் காரணத்தோடுதான். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தால், பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். வீட்டுக்குப் போனபின் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, துவண்டு வெளுத்துப்போதல், பால் குடிக்காமை, வலிப்பு, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘காய்ச்சல் வரலாம்’ என்று நிறுத்தாதீர்கள். பென்டா என்றால், ‘இன்று ராத்திரி வரும், நாளை மறுநாள் போயிரும்’ என்று சொல்லுங்கள். தாய்மார்களே, அவர் சொல்ல மறந்தால் நீங்கள் கேளுங்கள்: ‘எப்ப வரும், எப்ப போகும், எப்ப பயப்படணும்?’ இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த வீட்டில், இரண்டரை மாத ஊசி நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப யாரும் தயங்க மாட்டார்கள்.