தகரப் பெட்டியிலிருந்த ஐந்து ரூபாய்
(ஆவடியில் நமது சங்கத்தார் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நமது குடும்பங்களின் பூர்வ சரித்திரத்தைச் சேகரிக்கும் பொருட்டு, வீடுகளிலுள்ள பழைய நாணயங்களைக் கொணருமாறு சங்கத்தார் கேட்டிருந்தனர். ஓர் அம்மையார் சிறு தகரப் பெட்டியில் ஐந்து வெள்ளி ரூபாய்கள் கொணர்ந்தார். தமது பாட்டியாருக்கு 1925-ஆம் வருஷத்தில் விவாகத்தின்போது சீதனமாக வந்தவை என்பது அவ்வீட்டாரின் வழிவழிப் பேச்சு.

நாணயங்களிலுள்ள வருஷங்கள் 1862, 1890, 1907, 1919, 1944. கடைசி எண்ணைக் கண்டதும் சீதனக் கதை தடுமாறுகின்றது. 1944-இல் அடித்த காசு 1925-இல் கைமாறியிருக்க இயலாது. ஆயினும் கதை முழுதும் பொய்யென்று தள்ளுவதும் அவசரமே; பழைய நான்கும் சீதனமாயிருந்து, ஐந்தாவது பின்னர்ச் சேர்ந்திருக்கலாம். பெட்டி நிச்சயமாகச் சொல்வது ஒன்றுதான்: இத்தொகுதி இப்போதுள்ள வடிவத்தை அடைந்தது 1944-க்கு முன்னல்ல.

இன்னொன்றும் நோக்குங்கள். வெள்ளியை மீட்கும் பொருட்டு, சர்க்கார் இரண்டாம் உலக யுத்த காலத்தில் விக்டோரியா ரூபாயை 1941-இலும், எட்வர்டு ரூபாயை 1942-இலும், பழைய தரத்து ஜார்ஜ் ரூபாயை 1943-இலும் செல்லாதென்று செய்தனர். ஆகவே 1944-க்குப் பின் அந்த நான்கையும் வைத்திருந்தவர் செலவுக்காக வைத்திருக்கவில்லை. வெள்ளிக்காகவோ நினைவுக்காகவோ வைத்திருந்தார். அவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1944-ஆம் வருஷத்து ரூபாயிலோ பாதியே வெள்ளி. அதனைக் கைபடாமலே அறியலாம்: பக்க விளிம்பின் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றியோடும், பழைய ரூபாய்களில் அப்பள்ளமில்லை.

அக்காலத்தில் ஆவடியில் பெரிய ராணுவ முகாம் இருந்தது. எனவே அது முகாம் வேலைக்குக் கிடைத்த கூலியென்று ஒருவர் உடனே கூறினார். இருக்கலாம். ஆனால் காசில் அதற்குச் சான்றில்லை. கூலிச் சீட்டோ வயதானவர் வாய்மொழியோ வேண்டும்.

1862 என்ற எண்ணிலும் எச்சரிக்கை தேவை. அவ்வருஷத்தையே பொறித்த ரூபாய்களைப் பின்னரும் பல வருஷங்கள் அடித்துவந்தார்கள். ஆதலின் '1862 அல்லது அதற்குப் பின்' என்றே குறித்தோம்.

1890-ஆம் வருஷத்து ரூபாயின் தலைப்பக்க விளிம்பில் பற்றவைத்த தழும்பு காணப்படுகிறது. ஒருகால் வளையம் வைத்துக் கழுத்திலணிந்த காசு அது! சீதனக் கதைக்கு ஆதாரமாக நிற்பது இத்தழும்பு ஒன்றே. அம்மையார் நம் கூட்டத்திற்காகவென்று நான்கு ரூபாய்களைப் புளியிட்டுத் துலக்கிவிட்டார். ஐந்தாவது கைக்கு எட்டாமல் தப்பியது, அதுவே இந்த 1890. மற்றவற்றில் இத்தகைய தழும்பு இருந்ததா என்று இனிச் சொல்வதற்கில்லை. அவர்மேல் குற்றமில்லை, நாங்கள்தாம் முன்னரே சொல்லவில்லை.

ஆகையால் இனிக் கொணர்வோர் துலக்காமல், அரசர் வரிசைப்படி பிரிக்காமல், இருந்த பெட்டியோடும் துணியோடும் கொணர்க. எவர் தந்தார், எந்த அறையில் இருந்தது என்பதை அன்றே ஒரு காகிதத்தில் எழுதி உடன்வைத்தல் வேண்டும். அம்மையாரின் பெட்டி அடுத்த கூட்டம்வரை சங்கத்து அலமாரியில் இருக்கும். அவரது சித்தியார் அன்று வந்து தாம் அறிந்ததைக் கூறுவதாகச் சொல்லியிருக்கிறார்.