எச்சம் எங்கே முடிகின்றது?



"மழை பெய்தால்" என்று சொல்லி நான் நிறுத்திவிட்டால், "பெய்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அக்கேள்வி எழுகின்றவரை தொடர் முடியவில்லை என்று கொள்ளலாம். "பெய்தால்" என்பது வினையெச்சம். இதனையே "பெய்யின்" என்றும் கூறுவர். தொல்காப்பியர் எடுத்தோதும் "செயின்" என்னும் வாய்பாடு இதுதான். "மழை பெய்தால் குளம் நிறையும்" என்றவுடன் கேள்வி அடங்குகின்றது. "மழை பெய்தால் நல்லது" என்றாலும் அடங்குகின்றது. "நல்லது" என்னும் குறிப்புமுற்று அங்கே முடிக்கும் சொல்லாகின்றது.

"இன்" என்று முடிவதெல்லாம் எச்சம் அன்று. "சொல்லின் பயன் விளங்கும்" என்பதைப் பாருங்கள். சொல்லினது பயன் விளங்கும் என்றும் பொருள்படும். எடுத்துச் சொன்னால் பயன் விளங்கும் என்றும் பொருள்படும். "உண்மையைச் சொல்லின்" என்று செயப்படுபொருளைச் சேர்த்துவிட்டால், அது வினை என்பதில் ஐயம் எழாது.

இனி, "மழை பெய்தால் நிறையும் குளம்" என்ற தொடர் முடிந்ததா? குளம் நிறையும் என்பதையே சொல்மாற்றி உரைத்ததாகக் கொண்டால் முடிந்தது. எத்தகைய குளம் என்று அடையாளம் காட்டுவதாகக் கொண்டால் முடியவில்லை. "எங்கள் ஊரில் ஒன்று உண்டு" என்பது போல ஏதேனும் பின்னே வரவேண்டும். "நிறையும்" என்பது முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

இது தேர்வுத்தாளோடு நின்றுவிடும் குழப்பமும் அன்று. ஆற்றங்கரையில் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்: "வெள்ளம் வந்தால் மூழ்கும் தரைப்பாலத்தின் வழியே செல்லாதீர்." இங்கே "வந்தால்" எச்சத்தை முடிப்பது எந்த வினை? "மூழ்கும்" என்றால், வெள்ளத்தில் மூழ்கும் இயல்புடைய அப்பாலத்தில் என்றுமே செல்லலாகாது என்று பொருள். "செல்லாதீர்" என்றால், வெள்ளம் வந்த நாளில் மட்டுமே தடை. மற்ற நாள்களில் வண்டியோட்டிச் செல்லலாம். இரண்டாம் பொருளே கருத்தாயின், அச்சில் "வந்தால்" என்பதன் பின் ஒரு காற்புள்ளி வேண்டும். வானொலியில் காற்புள்ளிக்கு இடமேது? படிப்பவர் அங்கே மூச்சை நிறுத்தவேண்டும். நிறுத்த மறந்தால் கேட்பவர் வேறு பொருள் கொள்வார்.

காற்புள்ளியை நம்பியிருப்பதைக் காட்டிலும், இடையில் நின்று எச்சத்தை ஈர்க்கும் பெயரெச்சத்தை எடுத்துவிடுவதே நலம் என்பது என் கருத்து. "வெள்ளம் வந்தால் தரைப்பாலத்தின் வழியே செல்லாதீர், பாலம் மூழ்கிவிடும்." இப்போது "வந்தால்" என்பதற்கு "செல்லாதீர்" ஒன்றே முடிவு. என்றுமே செல்லலாகாது என்பதுதான் கருத்தென்றால், "வந்தால்" என்ற சொல்லையே முதல் தொடரிலிருந்து நீக்கி, "இத்தரைப்பாலத்தின் வழியே எப்போதும் செல்லாதீர், வெள்ளம் வந்தால் இது மூழ்கிவிடும்" என்று எழுதிவிடலாம்.