தொட்டியில் எழுதின தேதியும் கடைசிக் குழாயும்

திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் மாதிரி ஊர்களுக்குப் போனீங்கன்னா, மேல்நிலைத் தண்ணித் தொட்டியில ரெண்டு தேதி பெயிண்ட்ல எழுதியிருக்கும். ஒன்று சுத்தம் செய்த நாள், இன்னொன்று அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள். நம்ம ஊர்ல எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிலயே எழுதி வைக்கிற செக்லிஸ்ட் இதுதான்னு எனக்குத் தோணும்.

தொட்டி ஆபரேட்டர் என்ன பண்ணணும்? முதல்ல ஊருக்குப் போற வால்வை மூடணும். இதை மறந்தா கழுவின சேறு நேரா வீட்டுக் குழாய்க்குப் போயிடும். அப்புறம் வடிகால் வால்வைத் திறந்து, உள்ளே தேய்ச்சு, அழுக்குத் தண்ணியை வெளியேத்தணும். அடுத்தது பிளீச்சிங் பவுடர்.

வழக்கமான கணக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டின்னா 120 கிராம். அதை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில தண்ணி விட்டுக் கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிஞ்ச பிறகு, மேலே தெளிஞ்ச தண்ணியை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊத்தணும். பிறகு குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஊருக்கு விடணும். குளோரின் கிருமியைக் கொல்ல அந்த நேரம் வேணும்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். புது பவுடர்ல குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரக்காத்துல போட்டு வச்சா அது பறந்துடும். பாதி போயிடுச்சுன்னு வைங்க, அதே 120 கிராம் 60 கிராம் வேலையைத்தான் செய்யும். நோட்டுல ‘120 கிராம் போட்டாச்சு’ன்னு டிக் இருக்கும். ஆபரேட்டர் பொய் சொல்லல, ஆனா தண்ணி பாதுகாப்பா இல்ல.

அதனால என்னைக் கேட்டா, அந்த நோட்டுல முக்கியமான வரி கடைசி வீட்டுக் குழாயைப் பத்தினதுதான். அங்கே கொஞ்சம் தண்ணி பிடிச்சு, குளோரோஸ்கோப்ல மருந்துத் துளி விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகும். நிறத்தை அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும்.

மஞ்சள் வரலையா? உடனே இன்னும் பவுடர் கொட்டாதீங்க. தொட்டித் தண்ணியையும் ஒரு தடவை சோதிங்க. அங்கேயும் நிறம் வரலைன்னா, பவுடர் செத்துப்போச்சு, இல்ல அளவு தப்பு. தொட்டியில மஞ்சள், கடைசிக் குழாய்ல ஒண்ணுமில்லைன்னா, வழியில எதுவோ குளோரினைத் தின்னுது: குழாய்க்குள்ள படிஞ்ச சேறு, இல்லன்னா சாக்கடை ஓரமா உடைஞ்ச ஜாயின்ட். தண்ணி விடாத நேரத்துல குழாய்ல அழுத்தம் இருக்காது. அப்போ அந்த உடைசல் வழியா வெளித்தண்ணி உள்ளே இழுபடும். பேதி பரவ இந்த ஒரு ஓட்டை போதும், தொட்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும்.

அதுக்கு மண்ணைத் தோண்டிக் குழாயை மாத்தணும். அது ஆபரேட்டர் கையில இல்ல, ஊராட்சி ஆபீஸ்ல காசு ஒதுக்கணும். ‘கடைசிக் குழாய்ல நிறம் வரல’ன்னு தேதியோட எழுதி வச்சிருந்தா, அங்கே போய்க் கேக்க அவருக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.