படத்தில் வந்த தமிழும் பக்கத்தில் நின்ற ஆங்கிலமும்



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும்போது கவிதையையும் நாவலையும் பற்றியே பேசுவது நமது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு உயர்ந்த பொருளன்று. காய்ச்சல் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் உள்ள நான்கு வசனங்கள். கணனி அவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருக்கிறது. அந்தத் தமிழை யாரோ கைத்தொலைபேசியின் திரையிலிருந்து அப்படியே படம் பிடித்து, "இது சரியா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்புகிறார். இத்தகைய படத்தை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பொருட்பிழையைத் திருத்துவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட உதாரணம் இது. ஆயினும் இதிலுள்ள பிழைகள் எல்லாம் இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் இனத்தைச் சேர்ந்தவையே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முன்னைய கணனி மொழிபெயர்ப்பு சொற்களைத் தாறுமாறாக அடுக்கிவிடும். பார்த்த உடனேயே பிழை தெரியும். 2017ஆம் ஆண்டில் கூகுள் தமிழுக்கும் நரம்பு வலையமைப்பு முறையைக் கொண்டுவந்தது. வசனத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் முறை அது. அத்தகைய முறைகள் வந்த பின்னர் வசனம் ஓரளவு ஓடத் தொடங்கிற்று. ஆனால் ஓட்டம் வேறு, உண்மை வேறு. வசனம் தடக்காமல் போகும்போது பிழையும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆகவே "வாசிக்க நன்றாக இருக்கிறது" என்பது இங்கே சான்றாகாது.

நமது உதாரணத்துக்கு வருவோம். மருந்து பரசிட்டமோல், ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். படத்திலே காணப்படும் தமிழ் இது:

ஒன்று: "ஒரு நாளைக்கு 4 முறை வரை 1 முதல் 2 மாத்திரைகள் எடுத்துக் கொள்ளுங்கள். மருந்தளவுகளுக்கிடையே குறைந்தது 4 மணிக்கு விடுங்கள்."

இரண்டு: "24 மணி நேரத்தில் 8 மாத்திரைகளுக்கு மேல் இல்லை."

மூன்று: "இந்த மருந்தை எடுக்கும்போது பரசிட்டமோல் தவிர வேறு எதையும் எடுக்க வேண்டாம்."

நான்கு: "நீங்கள் அதிகமாக எடுத்துக் கொண்டால், நீங்கள் நன்றாக உணர்ந்தாலும், ஒரு முறை மருத்துவரிடம் பேசுங்கள்."

இப்போது ஆங்கிலத்தைக் கையில் எடுக்கத் தூண்டும். எடுக்கக் கூடாது. ஆங்கிலத்தை முதலில் வாசித்தவருக்குத் தமிழில் இல்லாத பொருளும் இருப்பதாகவே தோன்றும். மனமே இடைவெளியை நிரப்பிவிடும். ஆகவே தமிழை மட்டும், காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவர் வாசிப்பதுபோல் வாசித்து, "இதன்படி நான் என்ன செய்வேன்?" என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நாலு மணிக்கு எதையோ விடுவேன். பெட்டியில் எட்டு மாத்திரைக்கு மேல் இல்லையாக்கும் என்று நினைப்பேன். வேறு மருந்து எடுக்காமல் பரசிட்டமோல் மட்டும் மேலும் எடுக்கலாம் என்று கொள்வேன். கூடிப்போனால் என்றைக்காவது ஒரு தடவை டாக்டரோடு பேசுவேன். இதை எழுதி முடித்த பின்னரே ஆங்கிலம்.

ஆங்கில மூலத்தை எடுத்ததும் வசனங்களுக்கு இலக்கமிட வேண்டும். படத்திலுள்ள தமிழுக்கும் அதே இலக்கம். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம். நமது படத்தில் மேலே ஒரு தலைப்பு இல்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் "வளர்ந்தோருக்கு" என்று பொருள்படும் தலைப்பு இருக்கிறது. அது போனதால் இரண்டு மாத்திரை என்ற அளவு குழந்தைக்கும் உரியதுபோல் ஆகிவிட்டது. இது கணனியின் பிழையன்று, படத்தின் பிழை. முழுப் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. அவ்வாறே, சில திரைகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், அல்லது புள்ளியிட்ட வட்டம் ஒன்று தோன்றும். அது எழுத்துருவின் கோளாறு. மொழிபெயர்ப்பின் பிழையோடு அதைக் கலக்கக் கூடாது. படத்திலிருந்து எழுத்தைக் கணனியைக் கொண்டே பிரித்தெடுத்தாலும் அவதானம் தேவை. ரகரமும் அரவும் ஒரே சாயல் உடையவை. எகரமும் ஏகாரமும் மாறிவிடும். நாலு வசனம்தானே, கையால் பார்த்து எழுதுவதே பத்திரம்.

இனி வசனம் வசனமாகப் பார்ப்போம்.

முதல் வசனத்தின் முற்பகுதி சரி. நடை கொஞ்சம் ஆங்கிலச் சாயல்தான். ஆனாலும் பொருள் பிசகவில்லை. ஆகவே அதைத் தொடக் கூடாது. பிற்பகுதியிலே ஆங்கிலத்தில் இருப்பது 'ஹவர்ஸ்'. நான்கு மணி என்பது தமிழில் கடிகாரம் காட்டும் நேரமாகவும் இருக்கலாம், கழிந்துபோகும் நேரமாகவும் இருக்கலாம். கணனி அந்த இரட்டைப் பொருளில் விழுந்துவிட்டது. நமது நாட்டுத் தமிழுக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு: மணித்தியாலம் என்ற சொல். அதை எழுதினால் மயக்கத்துக்கே இடமில்லை. "ஒரு தடவை எடுத்து, குறைந்தது 4 மணித்தியாலம் சென்ற பின்னரே அடுத்த தடவை எடுக்க வேண்டும்" என்று திருத்தலாம்.

இரண்டாவது வசனத்தின் ஆங்கிலம் 'நோ மோர் தான்' என்று தொடங்குகிறது. வினை இல்லாத துண்டு வசனம் அது; ஆனாலும் ஆங்கில வாசகருக்கு அது கட்டளை. தமிழில் "இல்லை" என்று முடிந்தால் அது கட்டளையன்று, ஒரு செய்தி. தடை என்றால் தமிழிலே "கூடாது" வர வேண்டும். "24 மணித்தியாலத்துக்குள் 8 மாத்திரைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது." எண்கள் இரண்டும் சரியாகவே இருந்தன என்பதைக் கவனியுங்கள். எண்ணை மட்டும் ஒப்பிட்டவர் இதைச் சரி என்று தள்ளிவிட்டிருப்பார்.

மூன்றாவதுதான் மிக மோசமானது. ஆங்கிலத்தில் இருப்பது: இந்த மருந்தை எடுக்கும்போது, பரசிட்டமோல் அடங்கிய வேறு எதையும் எடுக்கக் கூடாது. 'எல்ஸ்' என்ற சொல்லைக் கண்டு கணனி "தவிர" என்று போட்டது. 'அடங்கிய' என்ற சொல் காணாமற்போயிற்று. தடை செய்யப்பட்டது எதுவோ அதுவே அனுமதிக்கப்பட்டதாகிவிட்டது. இந்த வசனம் ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் இதன் பாரதூரம் விளங்கும். நம்மவர் பரசிட்டமோலைப் பெரும்பாலும் பனடோல் என்றே அறிவர். தடிமனுக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுப்பவர் உண்டு. அதைத் தடுக்கவே இந்த வசனம்.

நான்காவதில் ஆங்கிலம் 'அற் வன்ஸ்' என்கிறது. உடனடியாக என்று பொருள். தனியே நிற்கும் 'வன்ஸ்' என்றால் ஒரு முறை. சில வேளைகளில் மூலத்தின் வரி இரண்டாக உடைந்து, 'அற்' ஒரு வரியிலும் 'வன்ஸ்' மறு வரியிலும் போய்விடும். கணனி ஒவ்வொரு வரியையும் தனி வசனமாகக் கொண்டால் இந்தப் பிழை வரும். பரசிட்டமோல் அளவுமீறினால் ஈரல் பாதிக்கப்படும். முதல் நாளில் உடம்பில் ஒன்றுமே தெரியாமலிருக்கலாம். தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். ஆகவேதான் "சுகமாக இருப்பதுபோல் தோன்றினாலும்" என்ற சொற்கள் அங்கே நிற்கின்றன. "அளவுக்கு மேல் எடுத்துவிட்டால், உடம்புக்கு ஒன்றும் செய்யாததுபோல் இருந்தாலும், உடனடியாக டாக்டரிடம் செல்ல வேண்டும்" என்று எழுதலாமா? ஆங்கிலத்தில் 'செல்ல' என்று இல்லை, 'பேச' என்றே இருக்கிறது. தொலைபேசியிலும் பேசலாம் என்ற இடம் அதில் உண்டு. ஆகவே "உடனடியாக டாக்டருடன் பேசுங்கள்." திருத்துபவர் தாமாக ஒன்றைக் கூட்டினால் அதுவும் பொருட்பிழையே.

திருத்தம் முடிந்ததும் சோதிக்க வேண்டும். பலர் செய்வது, தமிழை மறுபடியும் கணனியிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிப் பார்ப்பது. இது ஏமாற்றும் சோதனை. "8 மாத்திரைகளுக்கு மேல் இல்லை" என்ற பிழையான வசனத்தையே கொடுத்துப் பாருங்கள். 'நோ மோர் தான்' என்று மூலத்தைப் போலவே திரும்பி வரக்கூடும். போன வழியாலேயே திரும்பி வந்தால் வழி சரியென்று ஆகாது. நம்பகமான சோதனை மனிதரிடமே இருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் திருத்திய தமிழைக் கொடுத்துக் கேளுங்கள்: "பகல் மூன்று மணிக்கு மாத்திரை எடுத்தால் அடுத்தது எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" ஏழு மணிக்கு முன் இல்லை என்று விடை வர வேண்டும். "காலையில் எடுத்த தடிமன் மாத்திரையிலும் பரசிட்டமோல் இருக்கிறது. இதையும் எடுக்கலாமா?" கூடாது என்று வர வேண்டும். விடை பிசகினால் பிசகிய வசனத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

அனுப்பியவருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது படத்தின்மேல் கீறிக் கொடுப்பது போதாது. இலக்கம், ஆங்கிலம், படத்திலிருந்த தமிழ், திருத்திய தமிழ், காரணம் என்று ஐந்து நிரலில் எழுதிக் கொடுக்க வேண்டும். படம் எடுத்த திகதியும் வேண்டும். ஏனென்றால் அதே ஆங்கில வசனத்துக்கு அதே கணனி நாளைக்கு வேறு தமிழ் தரலாம். அப்போது இன்றைய திருத்தம் எதற்கு உரியது என்பது தெரியாமற்போய்விடும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நீங்கள் அறிவீர்கள். மருத்துவத் தமிழுக்கு இங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதிருக்கிறது. மணித்தியாலம் போன்ற சொற்கள் நம் கையில் இருக்கின்றன. கணனிக்கு அவை எல்லா வேளையிலும் நினைவுக்கு வருவதில்லை. படத்தைப் பார்க்கும் நமக்கு வர வேண்டும்.