பந்தி முடிந்த அன்றே கூலி



திருச்சி வட்டாரத்தில் கல்யாண சமையல் காண்ட்ராக்டர்களுக்குப் பரிமாற ஆள் அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். சமையல் மாஸ்டரும் அவருடைய கைக்காரர்களும் காண்ட்ராக்டரின் சொந்த ஆட்கள். இலை போடுவது, பரிமாறுவது, தண்ணீர் வைப்பது, இலை எடுப்பது, பாத்திரம் கழுவுவது ஆகிய வேலைகளுக்கு வருகிற பலர், என்னைப் போன்றவர்கள் அழைத்து வரும் நாள்கூலிக்காரர்கள். அந்தக் கூலி எப்போது கைக்கு வருகிறது, தாமதமானால் யாருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பந்திக்கு 200 இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை டிபனும் முகூர்த்தச் சாப்பாடும் சேர்த்து 30 பேர் வேண்டும். பரிமாற 15, தண்ணீருக்கு 3, இலை எடுத்து மேசை துடைக்க 4, பாத்திரம் கழுவ 5, சமையற்கட்டில் எடுபிடிக்கு 3. விடியற்காலை நான்கரைக்கு மண்டபத்தில் இருந்தால், பாத்திரத்தை வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்ப மாலை நான்கு ஆகும்.

பரிமாறுவது பார்க்கும் அளவுக்குச் சுலபம் இல்லை. சாதம் வைப்பவருக்கும் சாம்பார் வாளிக்காரருக்கும் நடுவே நான்கைந்து இலைதான் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வெறும் சாதத்தோடு ஒரு வரிசையே காத்திருக்கும். ரசத்தை ஒவ்வொரு முறையும் அடியோடு கலக்கி எடுக்க வேண்டும். கரண்டியை இலைக்கு நெருக்கமாக இறக்கி ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் பட்டுப்புடவையில் தெறிக்கும். கரண்டி இலையில் படவும் கூடாது. இதெல்லாம் கைக்கு வர ஒரு பையனுக்கு ஏழெட்டுக் கல்யாணமாவது ஆகும். முதல் சில கல்யாணங்களில் அவனைத் தண்ணீருக்கும் இலை எடுக்கவும் வைத்து, பிறகு அப்பளம், பொரியல், கடைசியில்தான் சாம்பார் வாளி. பழகியவன் வராமல் போனால், அன்று காலை தெருவில் கூப்பிட்டு வந்த ஆளால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வராமல் போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. ஆடியிலும் மார்கழியிலும் பையன்கள் வேலை இல்லாமல் இருப்பார்கள். வைகாசியிலோ ஆவணியிலோ நல்ல முகூர்த்தம் ஒன்று வந்தால், ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லா மண்டபத்துக்கும் ஆள் வேண்டும். வேறொருவர் நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்றால், முந்தின நாள் ராத்திரி "வர்றேண்ணே" என்று சொன்ன பையனின் போன் காலையில் அணைந்திருக்கும். அதனால் 30 பேர் கேட்டால் 32 பேருக்குச் சொல்லி வைப்பேன். முந்தின நாள் மாலை எல்லாருக்கும் போன் செய்வேன். வேனில் எங்கே ஏறுவாய் என்று கேட்டால் பதிலில் தெரிந்துவிடும். இடத்தைச் சொல்பவன் வருவான்; "நானே நேரா மண்டபத்துக்கு வந்துடறேண்ணே" என்பவனை நம்பி வாளியைக் கொடுக்க முடியாது.

ஆனால் நூறு ரூபாய்க்காகத் தாவுகிறான் என்று பையன்மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. போன முகூர்த்தத்தின் கூலி இன்னும் கைக்கு வரவில்லை என்றால், அவன் எதை நம்பி வருவான்? அன்றைய கூலியை அன்றே கொடுக்கிற இடத்தை விட்டு, நூறு ரூபாய் அதிகம் கிடைத்தாலும் பலர் போவதில்லை. கூலி பாக்கி விழுகிற இடத்தில்தான் ஆள் கழன்றுகொள்கிறான்.

அப்படியானால் ஏன் எல்லாரும் அன்றே கொடுப்பதில்லை? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆளுக்கு 700 ரூபாய் கூலி, 30 பேருக்கு 21,000. வேன் வாடகை 2,500. கூடுதலாக வந்த 2 பேருக்கு வேலை இல்லாவிட்டாலும் அரைக் கூலி, 700. ஆக 24,200 ரூபாய் அன்று மாலையே என் கையிலிருந்து போய்விடும். காண்ட்ராக்டரிடம் ஆளுக்கு 900 வீதம் எனக்கு வர வேண்டியது 27,000. மிச்சம் 2,800. அந்தப் பணம் இரண்டு மாதம் கழித்து வந்தால்? கைமாற்று வாங்கும் இடத்தில் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால், 1,450 ரூபாய் வட்டிக்கே போகும். பாதி லாபம் போயிற்று. மாதத்தில் நாலு முகூர்த்தம் என்றால் 96,800 ரூபாய் வெளியே நிற்கும். கைமுதல் இல்லாதவர் அந்தச் சுமையை அப்படியே பையன்கள் தலையில் இறக்கிவிடுகிறார்.

காண்ட்ராக்டரிடம் கேட்டால், "பார்ட்டி இன்னும் பேலன்ஸ் தரலையே" என்பார். பல சமயம் அது உண்மைதான். மொய்க் கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று கல்யாண வீட்டார் நாள் தள்ளியிருப்பார்கள். வேறு சில சமயம் "ரெண்டு ஆள் குறைஞ்சது", "ஒரு அண்டாவைக் காணோம்" என்று பிடித்தம் விழும். ஒரு மாதம் கழித்து இதை யார் நிரூபிப்பது?

இதற்கு மண்டபத்திலேயே வழி இருக்கிறது. வேனிலிருந்து இறங்கியதும் ஆள் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதி, காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குகிறேன். கிளம்பும்போது பாத்திரம் எண்ணி ஒப்படைத்து, அதே சீட்டில் இன்னொரு கையெழுத்து. லோடு ஏற்றுவது கூலிக்குள் சேர்ந்ததா, தனியா என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பாதிப் பணம் முன்கூட்டியே வந்தால்தான் வேன் கிளம்பும். இதற்கு ஒத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் வைகாசி முகூர்த்தத்தில் பழகிய ஆட்களை முதலில் அனுப்புகிறேன்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. உத்யம் பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். அதற்கென உள்ள வசதிக் குழுவிடம் முறையிடலாம். முறையிட்டால் அந்த வாடிக்கை போய்விடும் என்ற பயத்தில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் போவதில்லை. அதுதான் இதன் குறை. ஆனாலும் பதிவு எண்ணையும் கெடுத் தேதியையும் பில்லில் அச்சிட்டாலே பலன் உண்டு. கெடு தாண்டிய தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் விதி வந்துவிட்டதால், முறையாகக் கணக்கு வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்கு அவருடைய ஆடிட்டரே நினைவூட்டிவிடுவார்.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். இலைக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது, பரிமாறும் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் கூலி எவ்வளவு என்பதைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாக்கி முழுவதையும் அன்றே தர முடியாவிட்டாலும், அந்தக் கூலித் தொகையை மட்டும் கடைசிப் பந்தி முடிந்ததும் மண்டபத்திலேயே கொடுத்துவிடுங்கள். அதற்கு மொய் எண்ணி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு தொகை அன்றே நகர்ந்துவிட்டால், காண்ட்ராக்டருக்கும் எனக்கும் காரணம் சொல்ல இடம் இல்லை. நாற்பது வரிசைக்கு ரசம் ஊற்றிய பையன் கூலியோடு வீடு போவான், அடுத்த முகூர்த்தத்துக்கும் வருவான்.