பட்டப் பெயருக்கு ஒரு புள்ளி

யாழ்ப்பாணத்திலே திருமண அழைப்பிதழ் அச்சிடுவது எளிதான காரியமன்று. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம். பெயர்களின் வரிசை, முன்னெழுத்து, பட்டம் ஆகிய எதிலும் பிழை நேர்ந்துவிடக் கூடாது. ஒருவர் பெயருக்கு முன் வரவேண்டியது வராவிட்டால், மணப்பந்தலில் அவருடைய நாற்காலி வெறுமையாயிருக்கும்.

அத்தகைய அழைப்பிதழ் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வருவோமாக. மணமகளின் தந்தையார் மானிப்பாயில் வைத்தியர். மணமகனின் பெற்றோர் இலண்டனிற் குடியிருப்பவர்கள். மணமகளின் மாமனார் ஒருவர் அமெரிக்காவிற் பேராசிரியர். திருமணம் சுண்டிக்குளிப் பரி. யோவான் ஆலயத்தில் நடைபெற இருக்கின்றது. நடத்தி வைப்பவர் ஒரு போதகர். அச்சகத்திலிருந்து ஆங்கிலப் பக்கத்தின் முதற்படி வருகின்றது. அது மூன்று இடங்களுக்கும் அனுப்பப்படுகின்றது. இலண்டனிலிருந்து திரும்பிய படியிற் சில புள்ளிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து திரும்பிய படியில் அதே புள்ளிகள் சிவப்பு மையால் மீண்டும் இடப்பட்டிருக்கின்றன. மணமகளின் தந்தையாரோ, தம் பெயருக்கு முன்னுள்ள புள்ளியை மருமகன் வீட்டார் எடுத்துவிட்டார்களே என்று மனம் நோகின்றார். புள்ளியை எடுத்தது பட்டத்தைக் குறைத்தது போல் அவருக்குத் தோன்றுகின்றது.

இம்மூவருள் யார் கூறுவது சரி?

'மிஸ்டர்' என்பதை ஆங்கிலத்திற் சுருக்கி எம், ஆர் என்று இரண்டெழுத்தால் எழுதுகின்றார்கள். 'டொக்டர்' என்பதை டீ, ஆர் என்று எழுதுகின்றார்கள். 'மிஸிஸ்' என்பதற்கு எம், ஆர், எஸ் என்னும் மூன்றெழுத்து. இவற்றின் இறுதியில் முற்றுப்புள்ளி இடுவதா, விடுவதா என்பதே வழக்கு.

ஆங்கிலச் சுருக்கங்கள் இரண்டு வகையாகப் பிறக்கின்றன. ஒன்று, சொல்லின் வாலை வெட்டி விடுவது. 'புரொபெஸர்' என்னும் நீண்ட சொல்லிலே பி, ஆர், ஓ, எஃப் என்னும் முதல் நான்கு எழுத்துக்களை மட்டும் வைத்துக் கொண்டு மிகுதியை வெட்டி விடுகின்றார்கள். 'றெவறெண்ட்' என்பதை ஆர், ஈ, வீ என்று நிறுத்துவதும் அவ்வாறே. மற்றொன்று, தலையையும் வாலையும் வைத்துக் கொண்டு நடுவுடலை எடுத்துவிடுவது. 'டொக்டர்' என்பதன் முதலெழுத்து டீ, கடையெழுத்து ஆர். இரண்டும் சுருக்கத்தில் இருக்கின்றன. 'மிஸ்டர்', 'மிஸிஸ்' ஆகியனவும் அப்படியே. 'செயின்ற்' என்பதை எஸ், டீ என எழுதும்போதும் முதலும் கடையும் நிற்கின்றன.

பிரித்தானியரின் விதி இந்த வேறுபாட்டின்மேல் எழுந்தது. வெட்டுண்ட சொல்லுக்குப் புள்ளி உண்டு. ஏனெனில், சொல் இங்கே முடியவில்லை, எஞ்சியது விடப்பட்டது என்று புள்ளி அறிவிக்கின்றது. கடையெழுத்து இருக்கும் சொல்லுக்குப் புள்ளி இல்லை. ஏனெனில், அச்சொல் தன் முடிவை அடைந்தே நிற்கின்றது. அமெரிக்கரின் விதி இவ்வளவு நுட்பமானதன்று. சுருக்கமென்றால் புள்ளி, அவ்வளவுதான். சுருங்கிய வகை எதுவென்று அவர்கள் கேட்பதில்லை. 1906 ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு இன்றும் மிஸ்டருக்கும் டொக்டருக்கும் புள்ளி வைக்கச் சொல்கின்றது. அப்புள்ளியை அவர்கள் 'பீரியட்' என்று அழைப்பர். நம் மாணவருக்குப் பீரியட் என்றால் பாடவேளை; பெயரிலேயே இத்தனை வேற்றுமை!

யாழ்ப்பாணத்து நேயர்கள் சிலர் இங்கே ஒன்றை நினைக்கக் கூடும். இக்குடாநாட்டிற்கு ஆங்கிலம் இரு கைகளாற் கொண்டுவரப் பட்டது. 1814 இல் பிரித்தானிய வெஸ்லியன் மிஷனரிமாரும், 1818 இல் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தாரும் வந்தனர். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. 1841 இல் உதயதாரகை பிறந்தது. 1847 இல் வைத்தியர் சாமுவேல் கிறீன் வந்து, பின்னர் மானிப்பாயில் இருந்து தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆகவே, மானிப்பாயார் புள்ளி வைப்பது அமெரிக்க மிஷன் தந்த வழக்கம், சுண்டிக்குளியார் புள்ளி விடுவது ஆங்கில மிஷன் தந்த வழக்கம் என்று கதை கட்டுவது எளிது.

அக்கதை அழகியது; ஆனால் உண்மையன்று. கிறீன் வைத்தியர் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் அச்சகங்களும் பொஸ்டன் அச்சகங்களும் பொதுவாகப் புள்ளி வைத்தே அச்சிட்டன. இவ்விரு மிஷனரிமாருக்கும் மதக் கொள்கையில் வேற்றுமை இருந்திருக்கலாம். மிஸ்டர் புள்ளியில் வேற்றுமை இருக்கவில்லை. பிரிவு நேர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1926 இல் பவுலர் என்னும் ஆங்கில அறிஞர் தம் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்டார். வெட்டுண்ட சுருக்கத்தையும் இடை குறைந்த சுருக்கத்தையும் வேறுபடுத்தி எழுதுவது நன்றென்று அவர் வாதித்தார். ஒக்ஸ்போட் அச்சக மரபும் அவ்வழியே நின்றது. நாளடைவில் பிரித்தானியப் பள்ளிகளும் பதிப்பகங்களும் அதனை ஏற்றன. அமெரிக்கர் ஏற்கவில்லை. எனவே, புள்ளியை வைத்திருப்பவர் அமெரிக்கரிடம் கடன் வாங்கியவரல்லர். இரு நாட்டாருக்கும் பொதுவாயிருந்த பழைய வழக்கத்தைக் கைவிடாதவர் என்பதே பொருந்தும். மானிப்பாய் வைத்தியர் தம் பாட்டனார் காலத்து ஆங்கிலத்தையே எழுதுகின்றார்.

பவுலரின் விதிக்கும் இடர்கள் உண்டு. 'நம்பர்' என்பதற்கு ஆங்கிலத்தில் என், ஓ என எழுதுவர். அது 'நூமெரோ' என்னும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். முதலும் கடையும் இருக்கின்றன. விதிப்படி புள்ளி வேண்டியதில்லை. ஆனால் புள்ளியை விட்டால் அது 'இல்லை' என்று பொருள்படும் 'நோ' என்னும் சொல்லாகிவிடும். ஆகவே அங்கே விதியைத் தளர்த்திப் புள்ளி வைக்கின்றார்கள். போதகரின் பட்டம் இன்னும் வேடிக்கையானது. ஆர், ஈ, வீ என்று எழுதினாற் புள்ளி உண்டு. அதே பட்டத்தை ஆர், ஈ, வீ, டீ என்று கடையெழுத்துச் சேர்த்து எழுதினாற் புள்ளி இல்லை. இரண்டும் வழக்கில் உள்ளன. இத்தகைய தொல்லைகளால், இன்றைய பிரித்தானியச் செய்தித்தாள்கள் பல மூன்றாவது வழியொன்றை மேற்கொண்டுவிட்டன: பட்டம் எதற்குமே புள்ளி வேண்டாம் என்பது அவ்வழி.

இப்பொழுது அழைப்பிதழுக்குத் திரும்பலாம். அதில் ஆறு சுருக்கங்கள் இருக்கின்றன: டொக்டர், மிஸிஸ், மிஸ்டர், றெவறெண்ட், புரொபெஸர், செயின்ற். பவுலர் விதிப்படி மூன்றெழுத்து றெவறெண்டுக்கும் புரொபெஸருக்கும் மட்டுமே புள்ளி. மற்றை நான்கிற்கும் இல்லை. அமெரிக்க விதிப்படி ஆறுக்கும் புள்ளி. செய்தித்தாள் வழக்கப்படி ஒன்றுக்கும் இல்லை. இந்த மூன்றில் எதனை மேற்கொண்டாலும் அழைப்பிதழ் பிழையற்றதே. பிழை நேர்வது மூன்றையும் கலக்கும்போதுதான். மிஸ்டருக்குப் புள்ளி வைத்து, அடுத்த சொல்லாகிய மிஸிஸுக்கு விட்டுவிட்டால், அதற்கு எந்த நாட்டு விதியும் துணை நிற்காது. டொக்டருக்குப் புள்ளி இல்லை, புரொபெஸருக்கு உண்டு என்றிருந்தால் அது கலப்பன்று; அது பவுலர் விதி. பார்வையிடுபவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

மாணவரின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும் இதுவே அளவுகோல். கடிதம் முழுவதிலும் மிஸ்டருக்குப் புள்ளி வைத்த சிறுவனும், முழுவதிலும் விட்ட சிறுமியும் குற்றமற்றவர்கள். தமக்குக் கற்பிக்கப்பட்டது ஒன்றே சரியென்று கருதி ஆசிரியர் சிவப்புக் கோடிட்டால், அக்குழந்தை இழக்கும் புள்ளி வேறு புள்ளியாகிவிடும்.

இனி அழைப்பிதழின் தமிழ்ப் பக்கம். அங்கே யாரும் படியைத் திருத்தி அனுப்பவில்லை. ஆனால் திருத்த வேண்டியது அங்கேயும் உண்டு. 'திரு' என்பதற்குப் பின் ஒரு புள்ளி இடப்பட்டிருக்கின்றது. 'திருமதி' என்பதற்கும் 'செல்வி' என்பதற்கும் இல்லை. திரு என்பது மேன்மையும் செல்வமும் குறிக்கும் முழுச் சொல். அது எதனுடைய சுருக்கமுமன்று. மிஸ்டருக்குப் பின் புள்ளியைக் கண்டு பழகிய கை, திருவுக்குப் பின்னும் அதனை இட்டுவிட்டது. திருவாளர் என்பதை வெட்டித் திரு என எழுதினோம் என்று சொல்பவர் உளராயின், அவர் புள்ளி வைப்பதில் நியாயம் உண்டு. அக்கருத்தில்லாதவர் வைப்பது வீண்.

ஆனால் அதே பக்கத்தில், போதகரின் பெயருக்கு முன் 'வண.' என்று இருக்கின்றது. அது வணக்கத்துக்குரிய என்பதன் வெட்டுண்ட வடிவம், புள்ளி வேண்டும். 'பரி. யோவான்' என்பதிலும் பரிசுத்த என்பது வெட்டுண்டது. அங்கும் புள்ளி வேண்டும். ஆங்கிலத்திற் செயின்ற் என்பதற்குப் புள்ளியை விடும் பிரித்தானியரும், தமிழிற் பரி. என்பதைக் கண்டாற் புள்ளி வைக்கவே சொல்வர். ஏனெனில் ஆங்கிலச் சுருக்கம் வால் உள்ளது, தமிழ்ச் சுருக்கம் வால் இழந்தது. அப்புள்ளியை விட்டால் என்ன நேருமென்பதற்குச் சுண்டிக்குளியே சான்று. அங்குள்ள கல்லூரியைப் பேச்சில் 'பரியோவான்' என்று ஒரே பெயராக வழங்குகின்றார்கள். பரிசுத்தர் ஒருவர் பெயருக்குள்ளே மறைந்து நிற்கின்றார் என்பதைச் சிறுவர் பலர் அறியார்.

இறுதியில் அந்த ஆங்கிலப் பக்கம் எவ்வாறு அச்சாக வேண்டும்? அழைப்பவர் மணமகளின் தந்தையார், அழைப்பிதழ் அவருடையது. ஆதலின் அவர் எழுதிப் பழகிய முறையே அதற்கு முறை. அவர் ஆறுக்கும் புள்ளி வைப்பவராயின் ஆறும் இருக்கட்டும். சம்பந்தி வீட்டார் அதனைப் பிழையென்று கொள்ள வேண்டியதில்லை. அவர் மனம் நோவதற்கும் காரணமில்லை. இலண்டன் மருமகன் வெட்டியது அவருடைய பட்டத்தையன்று. டீயும் ஆரும் இரண்டெழுத்தும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சொல் முழுமையாய் முடிந்துவிட்டது, அதற்குமேல் அடையாளம் தேவையில்லை என்றே மருமகனின் விதி சொல்கின்றது.