மௌத்து வீட்டில் சொல்ல ஒரு வாக்கியம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

பள்ளி அறிவிப்புப் பலகையில் "ஃபராயிழ் விளக்கம் பெற இமாமை அணுகவும்" என்று நாம் முன்பு எழுதி வைத்திருந்தோம். ஓராண்டில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் ஃபர்ளுத் தொழுகையைப் பற்றிக் கேட்க வந்தவர்! குற்றம் அவருடையதன்று. மதரஸாவில் நாம் கற்ற சொல்லை அப்படியே பலகையில் ஏற்றியது நம் தவறு.

இப்போது இவ்வாறு சொல்லுகிறோம்: "மௌத்தானவரின் கடனைத் தீர்த்தபின், மிஞ்சிய சொத்தில் யாருக்கு எத்தனை மா என்று கணக்கிட்டுத் தருகிறோம்." இந்த ஒரு வாக்கியத்தைத் தாங்கள் நினைவில் கொண்டால் போதும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 24 மா நஞ்சை விட்டு இறந்தார். அதாவது ஒரு வேலியும் நாலு மாவும். மனைவி, தாயார், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கின்றனர். முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்துக் கடன். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனும், மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹரும் கடனே. அதன்பின் வஸிய்யத். இவையெல்லாம் ரொக்கத்திலேயே தீர்ந்து, நிலம் முழுதும் மிஞ்சியது என்று கொள்வோம்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 மா. தாயாருக்கு ஆறில் ஒன்று, 4 மா. மீதி 17 மா. மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஆக ஐந்து பங்கு. மகளுக்கு 3 மா 40 குழி, மகனுக்கு 6 மா 80 குழி. கூட்டிப் பாருங்கள், 24 மா சரியாக வரும்.

இதில் பெரும்பாலும் விடுபடுபவர் தாயார். "வயதானவர், அவருக்கு எதற்கு?" என்று பத்திரத்தில் பெயரே சேர்ப்பதில்லை. மாமியார் உயிரோடிருக்கும் மௌத்து வீட்டில் பாகப்பத்திரம் பேசப்படுகிறதென்றால், அங்கே நம் பெயரைச் சொல்லிவிடுங்கள். "வயலில் பெண்களுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு காதில் விழுந்தாலும் அப்படியே. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது உண்மை. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இன்று வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்குத்தான்.

சில சமயம் பங்குகளைக் கூட்டினால் சொத்தைவிட அதிகமாகிவிடும். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருக்கையில் ஒருவர் கேட்டதாகச் சொல்லப்படும் கணக்கு இது: மனைவி, தாய், தந்தை, இரண்டு மகள்கள். 24 மா என்று வைத்தால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, மகள்களுக்கு 16. மொத்தம் 27! நிலத்தை 27 கூறாக்கினால் எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். அன்னார் இந்த விளக்கம் எதுவும் கூறவில்லை. மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்ற கருத்தில் ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்களாம். கணக்குத் தெரியாதவர் வாயிலும் அது நிலைத்தது. அந்த மஸ்அலாவுக்கே 'மிம்பரிய்யா' என்று பெயராயிற்று.

இனிச் சொல்வது நம் மனத்தை உறுத்துவது. ஊரும் பேரும் வேண்டாம். ஒரு பெரியவரின் மூத்த மகன் முன்னதாகவே இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் இருவரைப் பாட்டனாரே வளர்த்தார். பெரியவர் மௌத்தான பிறகு அந்தப் பிள்ளைகளின் தாயார் நம்மிடம் வந்தார். வேறு மகன்கள் உயிரோடிருக்க, பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. அதை நாம்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் உயிரோடிருக்கையில், வாரிசல்லாத அப்பேரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதியிருக்கலாம். 9 மாவில் 3 மா. மற்றவர் சம்மதமும் தேவையில்லை. தினமும் அவரோடு தேநீர்க் கடையில் அமர்ந்தவர்களுக்கு அவர் ஆசை தெரியும்; இப்படி ஒரு வழி இருப்பதும், கேட்க ஓர் ஆள் இருப்பதும் தெரியாது.

ஆகவே தகப்பனில்லாத பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டன் எவரையேனும் கண்டால், மௌத்துக்குக் காத்திராமல் இப்போதே நம்மிடம் அனுப்புங்கள்.

நாம் செய்யாததையும் கூறிவிடுகிறோம். பத்திரம் எழுதுவதில்லை, நிலத்துக்கு விலை மதிப்பதில்லை. ஏற்கெனவே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவாகிவிட்டால், அது வக்கீலிடம் போகவேண்டிய காரியம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள் இருக்கும், பங்கு இராது. அந்தச் சான்றிதழையும், பட்டாவையும், கடன் விவரத்தையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன்பாக, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.